சுடர் தெரியாத அடுப்பு: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புக் கண்ணுக்கு,

நீ அனுப்பிய அடுப்புப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே கறுப்புக் கண்ணாடி, அதில் நாலு வட்டம், கீழே ஓவன், முகப்பில் வரிசையாகக் குமிழ்கள். ஜெர்மனியில் சமையலறையோடு வாடகைக்கு விடும் வீடுகளில் இந்த அடுப்புதான் நிறைய. உன் மாமா வீட்டிலும் இதேதான். அங்கே ஒரு குளிர்காலம் முழுக்க இதில்தான் நான் சமைத்தேன். சாதம் அடிப்பிடிக்கிறது, மேலே வேகவில்லை, அடுப்பை அணைத்த பிறகும் பால் பொங்கி வழிகிறது என்று நீ போனில் சொன்ன மூன்றும் ஒரே காரணத்தால் வருபவை. அது உன் கைப்பக்குவத்தின் குறை இல்லை. கேஸ் அடுப்பில் பழகிய கை, இந்த அடுப்பிலும் அதே வேகத்தில் குமிழைத் திருப்புகிறது. அவ்வளவுதான்.

கேஸ் அடுப்பில் குமிழைத் திருப்பினால் அந்த நொடியே சுடர் குறைகிறது. அணைத்தால் உடனே அணைகிறது. உன் கண்ணாடி அடுப்பில் அப்படி இல்லை. கண்ணாடிக்குக் கீழே சுருள் மாதிரி ஒரு கம்பி இருக்கிறது. அது சூடாகிச் சிவந்து, கண்ணாடியைச் சூடாக்கி, பிறகுதான் பாத்திரத்துக்குச் சூடு வருகிறது. அதனால் சூடு ஏறவும் நேரம் எடுக்கும், இறங்கவும் நேரம் எடுக்கும். நீ ஒன்பதிலிருந்து இரண்டுக்குத் திருப்பினாலும், அடுத்த சில நிமிடத்துக்கு அது ஏறக்குறைய ஒன்பதின் சூட்டையே தந்துகொண்டிருக்கும். பால் பொங்கியது அதனால்தான். சாதம் அடிப்பிடித்ததும் அதனால்தான்.

ஆகவே இந்த அடுப்பில் இரண்டு பழக்கம் வேண்டும். ஒன்று, கொதி வந்த பிறகு குறைக்காதே, வரப்போகிறது என்று தெரிந்தவுடன் குறை. மூடியின் ஓரத்தில் ஆவி எட்டிப் பார்க்கத் தொடங்கினால் அதுதான் அடையாளம். இரண்டாவது, ஏதாவது கைமீறிப் போனால் குமிழை நம்பாதே. பாத்திரத்தைத் தூக்கிப் பக்கத்து வட்டத்தில் வை. அந்த வட்டம் சூடில்லாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள். வட்டங்களுக்குப் பக்கத்தில் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிகிறது அல்லவா, அது அணைத்த பிறகும் கண்ணாடி இன்னும் சுடுகிறது என்று சொல்லும் விளக்கு. அது எரியும்வரை அங்கே கையோ பிளாஸ்டிக் டப்பாவோ வைக்கக்கூடாது. பால் காய்ச்சும்போது, ஓரத்தில் சின்னக் குமிழிகள் கூடத் தொடங்கியதும் பாத்திரத்தைத் தூக்கி மாற்றிவிடு. 

இதற்கு முன்னால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள். கறுப்புக் கண்ணாடி அடுப்பில் இரண்டு வகை உண்டு. நான் சொல்வது கம்பிச் சுருள் அடுப்பு. இன்னொன்று இன்டக்ஷன், இங்கே நம் அத்தை வீட்டில் மேஜைமேல் வைத்திருக்கிறார்களே, அந்த ரகம். தண்ணீர் வைத்த பாத்திரத்தை ஒரு வட்டத்தில் வைத்து ஒன்பதில் திருப்பிவிட்டு, குனிந்து பக்கவாட்டில் பார். கண்ணாடிக்குள் சில நொடியில் சிவப்பாகத் தெரிந்தால் கம்பிச் சுருள். எதுவுமே சிவக்காமல் தண்ணீர் சூடேறினால் இன்டக்ஷன். இன்டக்ஷனாக இருந்தால் நீ கொண்டுபோன அலுமினிய குக்கர் அதில் வேலை செய்யாது. பிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் ஒட்டிப் பார். ஒட்டினால் அந்தப் பாத்திரம் இன்டக்ஷனுக்கு ஆகும். படத்தைப் பார்த்தால் உன்னுடையது கம்பிச் சுருள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் மேலே உள்ள வட்டங்களுக்கான குமிழ்களும் ஓவன் முகப்பிலேயே இருக்கின்றன, பெரிய வட்டத்துக்குள் இன்னொரு சின்ன வட்டமும் வரைந்திருக்கிறது. ஆனாலும் ஒரு தடவை பார்த்துவிடு.

அடுப்பு வேலை செய்யும்போது அந்தச் சிவப்பு எரிவதும் அணைவதுமாக இருக்கும். அது ரிப்பேர் இல்லை. இஸ்திரிப் பெட்டியில் விளக்கு அணைந்து அணைந்து எரியுமே, அதே கதைதான். குமிழில் உள்ள எண் சூட்டின் டிகிரி இல்லை. கம்பி எவ்வளவு நேரம் எரிய வேண்டும், எவ்வளவு நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்பதுதான் அது. ஒன்பதில் விடாமல் எரியும். மூன்றில் கொஞ்சம் எரிந்து நிறைய ஓய்வெடுக்கும். ஒவ்வொரு முறை எரியும்போதும் முழுச் சூட்டில்தான் எரியும் என்பதால், மெல்லிய அடியுள்ள பாத்திரத்தில் அந்தக் கொஞ்ச நேரத்திலேயே பால், பாயசம், கூட்டு எல்லாம் கருகிவிடும். அடி கனமான பாத்திரம் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாகக் கொடுக்கும். ஆகவே பாத்திரம் வாங்கும்போது விலையைப் பார்க்காதே, அடியைப் பார். தட்டையாக, கனமாக, வட்டத்தின் அளவுக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். கேஸில் சுடர் பக்கவாட்டிலும் ஏறிப் பிடிக்கும் என்பதால் குழிந்த இருப்புச்சட்டிகூடச் சூடாகும். இங்கே கண்ணாடியைத் தொடும் இடத்தில் மட்டும்தான் சூடு. அதனால் நம் வீட்டு உருண்டை அடி இருப்புச்சட்டி, தாளிக்கும் கரண்டி இரண்டும் அங்கே பயன்படாது. தாளிக்கச் சின்னத் தட்டை அடி வாணலி ஒன்று வாங்கிக்கொள்.

எண்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்பது, தண்ணீர் கொதிக்கவைக்கவும் அடுப்பைச் சூடாக்கவும் மட்டும். ஆறு, ஏழு, தோசைக்கும் தாளிப்புக்கும். நாலு, ஐந்து, வெங்காயம் தக்காளி வதக்க. இரண்டு, மூன்று, மூடிவைத்து வேகவிட. நாம் சிம்மில் வை என்கிறோமே, அது இது. ஒன்று, ஆறாமல் வைத்திருக்க. சில அடுப்பில் ஆறு வரைதான் எண் இருக்கும். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகக் கணக்குப் போட்டுக்கொள், ஒன்பதுக்கு ஆறு, மூன்றுக்கு இரண்டு. உன் அடுப்பில் பத்து நாள் சமைத்தால், இந்தக் கணக்கிலிருந்து அரை எண் கூடவோ குறையவோ வைத்தால் சரியாக வரும் என்று உனக்கே தெரிந்துவிடும்.

சாதத்துக்கு வருகிறேன். அங்கே எந்தச் சூப்பர் மார்க்கெட்டிலும் பாஸ்மதி கிடைக்கும், முதலில் அதில் பழகு. ஒரு டம்ளர் அரிசியைக் கழுவி இருபது நிமிடம் ஊறவைத்து, தண்ணீரை முழுக்க வடித்துவிடு. ஒன்றரை டம்ளர் புதுத்தண்ணீர், உப்பு, ஒரு சொட்டு எண்ணெய். மூடியில்லாமல் ஒன்பதில் வை. தண்ணீர் அசையத் தொடங்கி, ஓரத்தில் குமிழிகள் வரும். முழுக் கொதி வரக் காத்திருக்காதே. இப்போதே மூடி, குமிழை இரண்டுக்குக் கொண்டுவா. வட்டத்தில் இருக்கும் பழைய சூடே அதைக் கொதிக்கவைக்கும். பத்து நிமிடம் கழித்து அணைத்துவிடு, பாத்திரத்தை எடுக்காதே, மூடியையும் திறக்காதே. இன்னும் பத்து நிமிடம் மிச்சச் சூட்டில் வெந்து, பொலபொலவென்று வரும். அந்த மிச்சச் சூடு முதல் வாரம் உன்னை ஏமாற்றியது. இப்படி வைத்தால் அதுவே உனக்கு இலவச அடுப்பு. மேலே வேகாமல் அடியில் பிடித்தால், நீ முழுக் கொதிவரை ஒன்பதில் வைத்திருந்தாய், தண்ணீர் ஆவியாகப் போய்விட்டது என்று அர்த்தம். எல்லாமே குழைந்தால் தண்ணீர் கால் டம்ளர் அதிகம். பொன்னிப் புழுங்கல் வாங்கினால் கதை வேறு. அதற்கு ஒன்றுக்கு இரண்டரை முதல் மூன்று டம்ளர் தண்ணீரும், மூடியிட்டு இருபது இருபத்தைந்து நிமிடமும் வேண்டும்.

குக்கரும் இந்த அடுப்பில் வைக்கலாம், அடி தட்டையாக இருந்தால். ஆனால் விசில் எண்ணுவதை விட்டுவிடு. இங்கே முதல் விசில் வர நேரம் ஆகும், அதற்குள் உள்ளே பாதி வெந்திருக்கும். முதல் விசில் வந்ததும் மூன்றுக்குக் குறைத்து, நேரத்தைக் கணக்கு வை. ஊறவைத்த துவரம்பருப்புக்கு ஏழெட்டு நிமிடம் போதும். பிறகு குக்கரைத் தூக்கிச் சூடில்லாத வட்டத்தில் வைத்துவிடு. இல்லையென்றால் அணைத்த பிறகும் விசில் அடிக்கும். அலுமினியப் பாத்திரத்தைக் கண்ணாடிமேல் இழுக்காதே, தூக்கி வை. இழுத்தால் வெள்ளிக்கோடு மாதிரி படிந்துவிடும், துடைத்தாலும் லேசில் போகாது.

தோசைக்கு இந்த அடுப்பில் பொறுமை வேண்டும். இரும்புக் கல்லை நேராக ஒன்பதில் வைக்கக்கூடாது. நடுவில் மட்டும் சூடேறி ஓரம் குளிர்ந்திருந்தால் கல் வளைந்துபோகும், விரியவும் கூடும். நாலில் ஐந்து நிமிடம், பிறகு ஆறில் இன்னும் ஐந்து நிமிடம் வை. பெரிய வட்டத்தையே பயன்படுத்து. கல் வட்டத்தைவிடப் பெரிதாக இருந்தால் ஓரம் வேகாமல் வெள்ளையாக நிற்கும். அதற்குக் கல்லைத் திருப்பித் திருப்பி நகர்த்துவதைவிட, தோசையைச் சின்னதாக வார்ப்பது மேல். தண்ணீரைத் தெளித்தால் சத்தத்தோடு உருண்டு ஓடி மறைய வேண்டும், அங்கேயே தேங்கி நின்றால் சூடு பற்றாது. வார்ப்பதற்கு முன் நறுக்கிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய். மூன்றாவது தோசைக்கு மேல் கல் அளவுக்கு மீறிச் சூடாகும்; அப்போது ஐந்துக்குக் குறைத்துவிடு, சுட்ட தோசையின் நிறத்தைப் பார்த்துக் குறை, குமிழின் எண்ணைப் பார்த்து அல்ல. சப்பாத்தியைச் சுடரில் காட்டி உப்பவைக்க முடியாது. கல்லிலேயே திருப்பிப்போட்டு, மடித்த துணியால் ஓரத்தை மெதுவாக அழுத்து, உப்பும்.

தாளிப்பு எப்போதும் ஆறில். எண்ணெயை ஊற்றி இரண்டு நிமிடம் கழித்து ஒரு கடுகைப் போட்டுப் பார். வெடித்தால் மீதிக் கடுகைப் போடு. கடுகு பொரியத் தொடங்கியதும் வாணலியைத் தூக்கிக்கொண்டே உளுந்து, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை போடு, ஏனென்றால் வட்டத்தில் இருந்தால் உளுந்து சிவக்கும் முன்பே மிளகாய் கருகிவிடும். புகை உறிஞ்சும் விசிறியைத் தாளிக்கும் முன்பே போட்டுவிடு. அந்த நாட்டு வீடுகளில் படுக்கையறையிலும் வாசல் நடையிலும் புகை கண்டால் கத்தும் கருவி கட்டாயமாக இருக்கும். மிளகாய்ப் புகைக்கும் அது கத்தும். கத்தினால் பயப்படாமல் ஜன்னலைத் திற. வீட்டு வாசற்கதவை மட்டும் திறந்துவிடாதே, மாடிப்படி முழுக்கப் புகை பரவிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பயந்துபோவார்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியால் மூடி, அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே விட்டுவிடு. தூக்கிக்கொண்டு ஓடாதே.

இனி ஓவன். இது நம் வீட்டில் இல்லாததால் நீ அதன் பக்கமே போகவில்லை என்று சொன்னாய். வேலை முடிந்து அசந்து வரும் நாளில் உனக்கு உதவப்போவது இதுதான், பக்கத்தில் நின்று கிளற வேண்டியதில்லை. முகப்பில் இரண்டு குமிழ் ஓவனுக்கு. ஒன்று டிகிரி, 50 முதல் 250 வரை. இன்னொன்றில் குட்டிக் குட்டிப் படங்கள். மூன்றே மூன்று படம் தெரிந்தால் போதும். சதுரத்துக்குள் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு இருந்தால், மேலும் கீழும் கம்பி சூடாகும். இதைத்தான் நீ தினமும் பயன்படுத்தப் போகிறாய். காற்றாடி படம் இருந்தால், உள்ளே மின்விசிறி சூட்டைச் சுழற்றும். மேலே வளைந்து வளைந்து ஒரு கோடு மட்டும் இருந்தால் அது கிரில், மேலிருந்து மட்டும் கொதிக்கும் சூடு. கடைசி இரண்டு நிமிடம் மேற்பகுதி சிவக்க வைப்பதற்குத்தான்.

காற்றாடியில் சூடு காற்றோடு சுற்றிவருவதால் வேகமாக வேகும். எனவே காற்றாடி என்றால் 20 டிகிரி குறைத்து வை. யூடியூபில் 200 டிகிரி என்று மேல் கீழ் கம்பிக்குச் சொல்லியிருந்தால் நீ காற்றாடியில் 180 வைக்கலாம். அமெரிக்காவில் எடுத்த வீடியோவில் 350, 400 என்று சொன்னால் பயப்படாதே. அவர்கள் ஃபாரன்ஹீட்டில் சொல்கிறார்கள். 350 என்றால் உன் ஓவனில் சுமார் 180, 400 என்றால் சுமார் 200. டிகிரியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரியும். அது அணைந்தால் நீ வைத்த சூடு வந்துவிட்டது, பிறகுதான் தட்டை உள்ளே வை. சாதாரணமாகப் பத்து நிமிடம் ஆகும். குளிர்ந்த ஓவனில் வைத்தால் காய் தண்ணீர் விட்டு வெந்து சொதசொதவென்று ஆகுமே ஒழிய மொறுமொறுப்பு வராது. கரண்ட் போய் வந்தபின் ஓவன் சூடேறவே இல்லை என்றால், முகப்பில் மணி விட்டுவிட்டு மின்னுகிறதா பார். பல ஓவன்கள் நேரத்தைச் சரியாக வைக்காமல் சூடாகாது.

சூடு, நேரத்தோடு காய்கறியின் ஈரத்தைப் பற்றியும் நினைவு வைத்துக்கொள். ஓவனில் பொரியல் மாதிரி மொறுமொறுப்பு வர, காய்த்துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். மேலே மேலே குவித்தால் அதன் ஆவியிலேயே வெந்துவிடும். அதே போல மிளகாய்த் தூளை வெறுமனே தூவினால் கருகிக் கசக்கும். எண்ணெயிலோ தயிரிலோ குழைத்துப் பூசு.

ஒரு மாலை நேரத்துச் சமையலை முழுசாகச் சொல்கிறேன், சாதம், பருப்பு, காலிஃபிளவர் வறுவல். உனக்கு மாலை ஷிப்ட் இல்லாத நாளில் ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்தால் ஏழே காலுக்குச் சாப்பிட்டுவிடலாம்.

வந்ததும் உடை மாற்றும் முன்பே மேலே கோடு, கீழே கோடு உள்ள படத்தைத் திருப்பி, டிகிரியை 200 ஆக வை. ஓவனுக்குள் நீ எதையாவது வைத்துப் பூட்டியிருந்தால் முதலில் வெளியே எடு. தட்டு மட்டும் இருக்கட்டும். எலெக்ட்ரிக் கெட்டிலில் தண்ணீர் வை. ஒரு லிட்டர் மூன்று நாலு நிமிடத்தில் கொதித்துவிடும், அடுப்பைவிட வேகம், கரண்டும் மிச்சம். சாதத்துக்கு அரிசியைக் கழுவி ஊறவை. அரை டம்ளர் மைசூர்ப் பருப்பைக் கழுவிக்கொள். அங்கே துருக்கிக் கடைகளில் சிவப்புப் பருப்பு என்று மலிவாகக் கிடைக்கும், ஊறவைக்க வேண்டாம், குக்கரும் வேண்டாம். இலங்கைத் தமிழர் கடை பக்கத்தில் இருந்தால் அங்கே துவரம்பருப்பும் கிடைக்கும், ஆனால் வேலைநாளில் மைசூர்ப் பருப்பு மேல்.

ஒன்றே முக்கால் டம்ளர் கொதித்த தண்ணீரைப் பருப்பில் ஊற்றி, மஞ்சள் தூள், ஒரு நறுக்கிய தக்காளி சேர்த்து ஒன்பதில் வை. நுரை எழும்பி மேலே வரும். அது வழியாமல் கரண்டியால் எடுத்துவிட்டு, மூன்றுக்குக் குறைத்து, மூடியைப் பாதி திறந்து வை. முழுக்க மூடினால் நுரை வழிந்து கண்ணாடியில் கருகிப் படியும். பதினைந்து முதல் இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். உப்பை வெந்த பிறகு போடு.

அடுத்து காலிஃபிளவர். ஒரு சின்னப் பூவை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக நறுக்கி, நன்றாகத் துடைத்து ஈரம் போக்கு. இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி மிளகாய்த் தூள், கால் தேக்கரண்டி மஞ்சள் தூள், உப்பு, ஒரு மேஜைக்கரண்டி கடலைமாவு போட்டுப் பிசறு. ஓவன் விளக்கு அணைந்துவிட்டதல்லவா, பேக்கிங் காகிதம் விரித்த தட்டில் பரப்பி நடுத்தட்டு அடுக்கில் வை. காகிதம் சாதாரணமாக 220 டிகிரிவரை தாங்கும், டப்பாவில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்துக்கொள். கிரில்லில் மட்டும் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும். பதினைந்தாவது நிமிடம் தட்டை வெளியே எடுத்துத் துண்டுகளைத் திருப்பிப் போடு. தட்டை எடுக்க ஈரத்துணி பயன்படுத்தாதே. ஈரம் சூட்டில் ஆவியாகி விரலைச் சுடும், உலர்ந்த கனத்துணிதான் வேண்டும். இன்னும் பத்து நிமிடம். அந்தப் பத்தில் ஐந்து போனதும் ஓவனை அணைத்துவிடு, உள்ளே இருக்கும் சூடே மீதியை முடிக்கும். ஓரம் பழுப்பாகி, கரண்டியால் குத்தினால் எதிர்ப்பில்லாமல் இறங்கினால் ஆயிற்று.

ஓவனில் காய் போன கையோடு அரிசியை வைத்து நான் முன்பு சொன்ன மாதிரி செய். எல்லாம் ஒரே நேரத்தில் முடியும். கடைசியில் பருப்பில் கடுகு, சீரகம், பூண்டு தாளித்துக் கொட்டினால் சாப்பாடு தயார். அதே ஓவனில் கோழித் தொடைகள் வைக்க வேண்டுமென்றால் தயிர் மசாலா பூசி இதே 200 டிகிரியில் நாற்பது நாற்பத்தைந்து நிமிடம். எலும்புக்குப் பக்கத்தில் குத்தினால் சிவப்பில்லாத தெளிந்த சாறு வர வேண்டும். அங்கே மலிவாக ஒரு உணவு தெர்மாமீட்டர் வாங்கினால் இன்னும் நல்லது, உள்ளே 75 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது என்று உறுதி. கண்ணாடித் தட்டில் சமைத்தால் அதைச் சூட்டோடு சிங்க்கில் வைத்துக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதே, படீரென்று உடையும்.

கண்ணாடி அடுப்பை எப்படித் துடைப்பது என்று கேட்டாய். தினமும் ஆறிய பிறகு ஈரத்துணியால் துடை. கெட்டியாகப் பிடித்த கறைக்குக் கண்ணாடி சுரண்டும் பிளேடு சூப்பர் மார்க்கெட்டிலேயே விற்பார்கள், அதைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டு. எஃகு நார், பாத்திரம் தேய்க்கும் பவுடர் ஆகவே ஆகாது, நிரந்தரக் கீறல் விழும். எல்லாவற்றுக்கும் ஆறும்வரை காத்திரு என்றேன், ஆனால் ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கக்கூடாது. சர்க்கரைப் பாகோ ஜாமோ வழிந்தால், ஆறவிட்டால் கண்ணாடியையே பிய்த்துக்கொண்டு வரும், பள்ளம் விழும். கையில் கனமான கையுறை போட்டுக்கொண்டு சூட்டோடேயே பிளேடால் சுரண்டித் தள்ளிவிடு. பிளாஸ்டிக் உருகினாலும் அப்படியே. வாடகை வீடு, கண்ணாடி பழுதானால் முன்பணத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

இட்லி மாவு புளிக்கவில்லை என்றாய். அங்கே இப்போது வீட்டுக்குள்ளேயே இருபது டிகிரிதான் இருக்கும், மாவுக்கு அது போதாது. மாவைப் பெரிய பாத்திரத்தில் பாதி அளவுக்கு மட்டும் ஊற்றி, தட்டால் மூடி, ஓவனுக்குள் வை. ஓவனைச் சூடாக்காதே, உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போடு. குமிழில் அதற்கு ஒரு பல்ப் படம் இருக்கும். பழைய மாதிரி பல்ப் என்றால் அந்தச் சூடே உள்ளே முப்பது டிகிரி பக்கம் கொண்டுவந்துவிடும். எல்இடி விளக்கு என்றால் சூடு வராது. அப்படியானால் உள்ளே ஒரு பெரிய கிண்ணத்தில் கொதித்த தண்ணீர் வைத்துக் கதவை மூடு, ஆறியதும் மாற்று. பன்னிரண்டு மணி நேரத்தில் புளித்துப் பொங்கும், குளிர் அதிகம் என்றால் பதினாறுகூட ஆகலாம். மேலே குமிழிகளும், கரண்டியால் தூக்கினால் காற்றோட்டமான நெகிழ்வும் வந்தால் ஆயிற்று. மாவு உள்ளே இருக்கும்போது யாராவது தெரியாமல் 200 டிகிரி திருப்பிவிடக்கூடாது, அதனால் உன்கூடத் தங்கியிருக்கும் பெண்ணுக்குத் தெரியும்படி ஓவன் கதவில் ஒரு காகிதம் ஒட்டிவை. சனிக்கிழமை காலை அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டுச் சாயங்காலம் அரைத்து வைத்தால், ஞாயிறு காலை இட்லி ஊற்றலாம். இட்லிப் பாத்திரத்தின் தண்ணீர் கொதித்ததும் தட்டை வைத்து ஆறில் பத்து நிமிடம், பிறகு அணைத்து அதிலேயே இரண்டு நிமிடம் விட்டு எடு.

அன்புடன்,
அம்மா